10 வாரம், வாரம் 1 மணி நேரம்: ஸ்கூல் செஸ் கிளப்புக்கு எந்தப் பாடத் திட்டம் சரி வரும்?

ஜூலைல மூணாவது டர்ம் ஆரம்பிக்குது. டர்பன்ல ஸ்கூல் கிளப் நடத்துற நாங்க சில பேர் இப்ப ஒரு முடிவு எடுத்தாகணும். புதுசா சேர்ற பசங்களுக்கு காய் நகர்த்தத் தெரியும், செக்மேட்னா என்னன்னு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. இவங்களுக்கு டாக்டிக்ஸ் புதிரை எந்த வரிசைல, எப்படிக் கொடுக்கறது? டர்ம்னா ஏறக்குறைய 10 வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம், அதுலயும் பசங்க வந்து உட்கார்ந்து போர்டை விரிச்சு காய் அடுக்கவே 5 நிமிஷம் போயிடும். நேரம் இவ்ளோ கம்மியா இருக்கும்போது வரிசை தப்பாப் போனா டர்ம் முடிஞ்சுதான் தெரியும், அதான் இவ்ளோ யோசனை.

நான் உதவி பண்றது சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பிரைமரி ஸ்கூல் கிளப். கிரேடு 4-ல இருந்து 7 வரைக்கும் பசங்க. எங்க முன்னாடி மூணு வழி இருக்கு. ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தந்திரம்: இந்த வாரம் ஃபோர்க், அடுத்த வாரம் பின், அதுக்கடுத்து ஸ்க்யூவர். ரெண்டாவது, தலைப்பே இல்லாம கலந்து கட்டின புதிர், பெரும்பாலும் Lichess மாதிரி சைட்ல அவங்கவங்க வேகத்துக்கு. மூணாவது, ஒரு சின்ன செட் புதிரையே எடுத்துக்கிட்டு டர்ம் முழுக்க திரும்பத் திரும்பப் போடறது. மூணையும் தனித்தனியா பார்த்துட்டு நான் எதைப் பண்ணப் போறேன்னு சொல்றேன்.

முதல்ல வாரத்துக்கு ஒரு தந்திரம். பெரும்பாலான கிளப்புல நடக்கறது இதுதான், காரணமும் இருக்கு. டீச்சருக்கு தயார் பண்ண சுலபம், போர்டுல நாலு உதாரணம் காட்டி அதே மாதிரி ஆறு புதிர் அச்சடிச்சுக் கொடுத்தா கிளாஸ் முடிஞ்சுது. செஸ் அவ்வளவா ஆடத் தெரியாத மேம் யாராவது கிளப்பைப் பார்த்துக்கிட்டாக் கூட சமாளிச்சிடலாம். பசங்களுக்கும் அன்னைக்கு ஒரு பேர், ஒரு வடிவம் கைல கிடைச்ச திருப்தி இருக்கும், வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட குதிரையை வெச்சு ஃபோர்க் போட்டுக் காட்டுவாங்க.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. தாள் மேல "குதிரை ஃபோர்க்"னு தலைப்பு போட்ட உடனே பாதி விடையைக் கொடுத்தாச்சு. பையன் போர்டைப் பார்க்கவே மாட்டான், குதிரை எங்க இருக்கு, எங்க தாவினா ரெண்டு காயைத் தொடும்னு மட்டும் தேடுவான், தேடினா கிடைச்சிடும். ஆட்டத்துல யாரும் தலைப்பு போட்டுக் கொடுக்க மாட்டாங்களே, இப்ப ஃபோர்க் இருக்கு தேடுன்னு காதுல சொல்ல ஆள் கிடையாது. அதனாலதான் தாள்ல ஆறுக்கு ஆறு போட்ட பிள்ளை அரை மணி நேரம் கழிச்சு ஆடும்போது, எதிராளி சும்மா விட்ட ரூக்கை எடுக்காம ஓரத்துச் சிப்பாயை நகர்த்துது. அது கவனக்குறைவு இல்ல. "இங்க ஏதாவது இருக்கா"ன்னு தானா கேட்டுக்கற பழக்கத்தை நாம சொல்லித் தரவே இல்ல, "இருக்கு, எடு"ன்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கோம்.

இதை ஒரு புதிரை வெச்சே காட்டறேன், போர்டுல அடுக்கிப் பாருங்க. வெள்ளைக்கு ராஜா g1, ரூக் d1, பிஷப் f1, குதிரை d5, சிப்பாய் f2, g2, h3. கறுப்புக்கு ராஜா g8, ரூக் c8, பிஷப் f8, குதிரை b6, சிப்பாய் f7, g7, h7. வெள்ளை ஆடணும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கணும்னா இதுதான்:

```
2r2bk1/5ppp/1n6/3N4/8/7P/5PP1/3R1BK1 w - - 0 1
```

ஃபோர்க் வாரத்துல இதைக் கொடுத்தா கிளாஸ்ல முக்கால்வாசி கை தூக்கும். "அங்கிள், குதிரை e7! செக், ரூக்கும் போச்சு!" e7-ல நிக்கற குதிரை g8 ராஜாவையும் c8 ரூக்கையும் ஒரே நேரத்துல தொடும், வடிவம் பாடத்துல காட்டின அதே வடிவம். ஆனா f8-ல பிஷப் உட்கார்ந்திருக்கு, அது e7-ஐப் பார்த்துக்கிட்டு இருக்கு. குதிரை e7 போன அடுத்த நொடி பிஷப் சாப்பிட்டுடும், வெள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது. சரியான விடை ரொம்ப சாதாரணமானது: b6 குதிரைக்குக் காவலே இல்ல, d5 குதிரையால அதை அப்படியே எடுத்துக்கலாம். எடுத்து முடிச்சா c8 ரூக்கும் தாக்குதல்ல இருக்கும், கறுப்பு அதைக் காப்பாத்த ஓடணும், ஒரு முழு காய் வெள்ளைக்கு லாபம்.

இப்ப அதே நிலையில ஒரே ஒரு காயை மாத்துங்க. f8-ல இருக்கற கறுப்பு பிஷப்பைத் தூக்கி a5-ல வைங்க, மத்தது எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

```
2r3k1/5ppp/1n6/b2N4/8/7P/5PP1/3R1BK1 w - - 0 1
```

இப்ப விடை தலைகீழா மாறுது. b6 குதிரைக்கு a5 பிஷப் காவல், அதை எடுத்தா பிஷப் திருப்பி எடுக்கும், குதிரைக்குக் குதிரை சமமாப் போகும். ஆனா e7-க்கு இப்ப யாரும் காவல் இல்ல. குதிரை e7 செக், ராஜா நகர்ந்தாகணும், அப்புறம் குதிரை c8 ரூக்கை எடுக்கும். இங்க அவசரப்பட்டு "ரூக் ஃப்ரீ"ன்னு எழுதற பிள்ளைகிட்ட, c8-க்கு யார் காவல்னு கேளுங்க. b6 குதிரை திருப்பி எடுக்கும். ஆக வெள்ளைக்கு ரூக் வருது, குதிரை போகுது, 5-க்கு 3. நல்ல லாபம்தான், ஆனா முழு ரூக் இல்ல. இந்தக் கணக்கை வாயால சொல்ல வைக்கணும்.

இந்த மாதிரி ஜோடிப் புதிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பிள்ளை வடிவத்தை நம்பி ஓட முடியாது, எந்தக் காய்க்கு எது காவல்னு பார்த்தே ஆகணும். தலைப்பு போட்ட வாராந்திரத் தாள்ல இது வரவே வராது, ஏன்னா ஃபோர்க் தாள்ல இருக்கற எல்லாப் புதிருக்கும் விடை ஃபோர்க்தான்.

அடுத்தது ரெண்டாவது வழி, Lichess மாதிரி கலவைப் புதிர். இதுக்குப் பெரிய பலம், தலைப்பு இல்ல, ஆட்டத்துல வர்ற மாதிரியே இருக்கும், காசும் கிடையாது, நிஜமா மனுஷங்க ஆடின ஆட்டத்துல இருந்து எடுத்த நிலைகள். காவல் இல்லாம தொங்கற காய், ஃபோர்க், ஒரே நகர்வுல மேட்னு தீம் வாரியாவும் பிரிச்சு வெச்சிருக்காங்க, வேணும்னா அதையும் எடுத்துக்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு Kid mode போட்டுவிட்டா மெசேஜ் எல்லாம் நின்னுடும், அதுவும் நல்லது.

சிக்கல் எங்கன்னா, புது அக்கவுண்ட்டுக்கு புதிர் ரேட்டிங் 1500-ல ஆரம்பிக்குது. நேத்துதான் காய் நகர்த்தக் கத்துக்கிட்ட பிள்ளைக்கு 1500 புதிர்னா சுவர்ல முட்டற மாதிரி. முதல் பத்து புதிரும் தப்பாப் போகும், ரேட்டிங் இறங்கி இறங்கி சரியான இடத்துக்கு வர்றதுக்குள்ள பிள்ளை வேற கேம் திறந்திருக்கும். இதைத் தவிர்க்க புதிர் பக்கத்துல இருக்கற கஷ்ட அளவை Easiest-னு மாத்திவிடணும், அது ரேட்டிங்கை விட 600 கம்மியான புதிரைக் கொடுக்கும். இதைச் செய்யாம பிள்ளைங்ககிட்ட போனைக் கொடுத்துட்டு "புதிர் போடு"ன்னு சொல்றது அநியாயம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஊகம். ஸ்க்ரீன்ல காயை இழுத்துவிட்டா சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சிடுது இல்லையா, அதனால பிள்ளைங்க யோசிக்கறதை விட்டுட்டு முதல்ல கண்ணுல படற செக்கைக் கொடுத்துப் பார்ப்பாங்க, தப்புன்னா அடுத்த செக். பக்கத்துல நின்னு பார்த்தா ஒரு புதிருக்கு ரெண்டு மூணு நொடிதான் ஆகும், அதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். நிஜமா யோசிக்கற புதுப் பிள்ளைக்கு ஒரு புதிருக்கு ஒரு நிமிஷமாவது வேணும். இன்னொண்ணு, சைட்ல வர்ற ஒவ்வொரு புதிர்லயும் ஏதோ ஒண்ணு கட்டாயம் இருக்கும். இல்லாத புதிரே கிடையாது. ஆட்டத்துல பத்து நகர்வுல எட்டுல ஒண்ணும் இருக்காது, அப்ப என்ன பண்ணணும்ங்கறதை இது சொல்லித் தராது. ஸ்கூல் வைஃபையை நம்பி இருபது பிள்ளைங்களை உட்கார வெக்கறது தனிக் கஷ்டம், அதை விடுங்க.

இருந்தாலும் அந்த சைட்டோட புதிர்க் கிடங்கை நான் விடறதா இல்ல, டீச்சருக்கு அது பொக்கிஷம். முழுப் புதிர்த் தொகுப்பையும் ஒரே ஃபைலா டவுன்லோட் பண்ணிக்கலாம், யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம். hangingPiece, fork, mateIn1 இந்த மாதிரி அடையாளமும் ரேட்டிங்கும் ஒவ்வொரு புதிருக்கும் இருக்கும், புதுசுங்களுக்கு 1000-க்குக் கீழ இருக்கறதா வடிகட்டி எடுத்துக்கலாம். ஆனா ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. அந்த ஃபைல்ல இருக்கற நிலை, எதிராளி தப்பு பண்றதுக்கு முந்தைய நிலை. நகர்வு வரிசைல முதல் நகர்வு எதிராளியோடது, அதை போர்டுல நடத்தி முடிச்ச பிறகுதான் புதிரே ஆரம்பிக்குது. இது தெரியாம நிலையை அப்படியே படமா அச்சடிச்சா பிள்ளைங்க மண்டையை உடைச்சுக்குவாங்க, டீச்சருக்கும் விடை வராது. தாள்ல எழுதியிருக்கற விடையைப் பார்த்தா வெள்ளை ஆடணும்னு இருக்கற நிலைக்கு கறுப்பு நகர்வு விடையா இருக்கும், அப்படி இருந்தா இந்தக் கோளாறுதான்.

மூணாவது வழி, ஒரே செட்டைத் திரும்பத் திரும்பப் போடறது. 30 புதிர் எடுத்துக்கிட்டு, டர்ம்ல மூணு நாலு சுத்து. பெரிய ஆட்டக்காரங்க நூத்துக்கணக்கான புதிரை இப்படிப் பண்ணி வேகத்தைக் கூட்டறாங்க, அவங்களுக்கு அது நல்லா வேலை செய்யுது. புதுப் பிள்ளைங்ககிட்ட என்ன ஆகும்னா, ரெண்டாவது சுத்துலயே படத்தைப் பார்த்து விடையை ஒப்பிப்பாங்க, "இது அந்த h7 புதிர் அங்கிள்"னு. ஏன் h7-னு கேட்டா தெரியாது. அதை முறியடிக்க ஒரு வழி, அதே புதிரை இடம் வலமா புரட்டி, நிறத்தையும் மாத்தி அச்சடிக்கறது. வெள்ளைக்கு வலப்பக்கம் இருந்த புதிர் கறுப்புக்கு இடப்பக்கம் வரும். படம் முழுசா வேற மாதிரி தெரியும், உள்ள இருக்கற விஷயம் ஒண்ணேதான். காஸ்லிங் பண்ற வாய்ப்பு பாக்கி இருக்கற நிலையை மட்டும் இப்படிப் புரட்டக் கூடாது, ராஜா இடம் மாறிப் போயிடும். முழுத் திட்டமா இது எனக்குச் சரிப்படல, ஆனா கிளாஸ் ஆரம்பத்துல 10 நிமிஷச் சூடேத்தலுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்ல.

சரி, நான் என்ன பண்ணப் போறேன்? ரெண்டு வாரம் தலைப்போட சொல்லிக் கொடுத்து, மூணாவது வாரம் தலைப்பே இல்லாம அது வரைக்கும் படிச்சது எல்லாத்தையும் கலந்து போடறது. முதல் சுத்துல தலைப்பு வாரம் மூணு, கடைசி சுத்துல ஒண்ணு. ஒரு தந்திரத்தை முதல் தடவை பார்க்கும்போது பேரும் வடிவமும் தேவைப்படுது, அதை நான் மறுக்கல, கலவையையே முதல் நாள் கொடுத்தா பிடிச்சுக்கிட்டு ஏற ஒண்ணும் இருக்காது. ஆனா பேர் தெரிஞ்ச உடனே அந்தப் பேரை எடுத்துடணும்.

இதுல எல்லாத்தையும்விட முக்கியம் தொடக்கம். நிறைய கிளப் முதல் வாரமே ஃபோர்க்ல ஆரம்பிக்கறாங்க, பார்க்க அழகா இருக்குன்னு. நான் முதல் ரெண்டு வாரத்தையும் தொங்கற காய்க்கே கொடுக்கறேன். காவல் இல்லாத காய் எது, காவல் இருந்தும் தாக்கறவங்க அதிகமா இருக்கற காய் எது, இவ்ளோதான். முதல் வாரம் எதிராளியோட தொங்கற காயைத் தேடறது, ரெண்டாவது வாரம் என்னோடதைத் தேடறது. ரெண்டாவது ரொம்பக் கஷ்டம், பிள்ளைங்களுக்கு தன் காயைப் பார்க்கறதே மறந்து போகும். அதனால தாள்ல கேள்வியை மாத்திக் கேக்கணும்: "கறுப்பு இப்ப இந்த நகர்வு பண்ணுச்சு, அடுத்து அது எதை எடுக்கப் பார்க்குது?"

ஏன் இதுக்கு ரெண்டு வாரம்னா, பின்னாடி வர்ற எல்லாமே இது மேலதான் நிக்குது. ராணியோட இரட்டைத் தாக்குதலை எடுத்துக்கோங்க. இந்த வலையைப் பசங்க ஆட்டத்துலயே பார்க்கலாம்:

```
1.e4 c5 2.d4 cxd4 3.Nf3 e5 4.Nxe5 Qa5+
```

நாலாவது நகர்வுல வெள்ளை "சும்மா கிடக்குது"ன்னு e5 சிப்பாயை எடுத்துடுச்சு. கறுப்பு ராணி a5-க்கு வந்து செக் கொடுக்குது, அதே வரிசைல e5-ல நிக்கற குதிரையையும் தாக்குது. செக்கைத் தடுக்க வெள்ளைக்கு எத்தனையோ வழி இருக்கு, ஆனா எதுவும் e5 குதிரைக்குக் காவல் கொடுக்காது, குதிரை போச்சு. இதுல ராணி பண்ண வித்தை ஒண்ணும் பெருசில்ல, e5 குதிரைக்குக் காவல் இல்ல, அதான் மொத்தக் காரணம். ராணி விலை உயர்ந்த காய், காவல் இருக்கற குதிரையை அது எடுத்தா நஷ்டம் ராணிக்குத்தான். ஆக தொங்கற காயைப் பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு ராணி இரட்டைத் தாக்குதல் ஒரே கிளாஸ்ல புரிஞ்சிடும், தெரியாத பிள்ளைக்கு மூணு கிளாஸ் எடுத்தாலும் அது ஒரு மனப்பாட வலைதான்.

மூணாவது வாரம் ஒரே நகர்வுல மேட். இதை ஏன் இவ்ளோ சீக்கிரம் வெக்கறேன்னா, எந்த செக் வேணும் எந்த செக் வேண்டாம்னு பிரிச்சுப் பார்க்கற பழக்கம் வரணும், இல்லன்னா கிடைக்கற செக் எல்லாத்தையும் கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. நாலாவது வாரம் முதல் கலவைத் தாள், தலைப்பு கிடையாது. இந்தத் தாள்தான் எனக்கு உண்மையைச் சொல்லும். ஒரு பிள்ளை தலைப்பு போட்ட தாள்ல ஆறுல அஞ்சு போட்டு, கலவைல ரெண்டுதான் போடுதுன்னா, அது தந்திரத்தைப் படிக்கல, தலைப்பைப் படிச்சிருக்கு. ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பார்க்காம இது தெரியவே தெரியாது, தனித்தனியா பார்த்தா எல்லாரும் நல்லாத்தான் போட்டிருப்பாங்க.

அஞ்சாவது வாரம் மேல சொன்ன ராணி இரட்டைத் தாக்குதல், ஆறாவது வாரம் குதிரை ஃபோர்க். குதிரைக்கு நான் எப்பவும் எடுக்கற உதாரணம் இது:

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nf6 4.Ng5 h6 5.Nxf7
```

குதிரை f7-ல சிப்பாயை எடுத்து, d8 ராணியையும் h8 ரூக்கையும் ஒரே நேரத்துல தாக்குது. பசங்க உடனே கேப்பாங்க, ராஜா குதிரையைச் சாப்பிட்டுடுமேன்னு. c4-ல இருந்து பிஷப் f7-ஐப் பார்க்குது, அதனால ராஜா தொட முடியாது. இதைச் சொல்லாம விட்டுட்டு ஃபோர்க் வடிவத்தை மட்டும் காட்டினா, அடுத்த வாரம் பிஷப் இல்லாமயே f7-ல குதிரையைக் கொண்டு போய் ராஜாவுக்குத் தானம் பண்ணுவாங்க. போர்டுல c4 பிஷப்பைத் தூக்கிட்டு இப்ப வேலை செய்யுமான்னு கேக்கறதுக்கு ஒரு நிமிஷம் செலவு பண்ணுங்க, வீணாகாது.

ஏழாவது வாரம் கலவை, இதுலதான் ஜோடிப் புதிர் எல்லாம் வரும். எட்டாவது வாரம் பின்ங்கற தந்திரம், ராஜாவுக்கு முன்னாடி மாட்டிக்கிட்ட காய் அந்தக் கோட்டை விட்டு நகர முடியாதுங்கறது மட்டும், அதை சிப்பாயால இன்னொரு தடவை தாக்கறது வரைக்கும் போதும். ஒன்பதாவது வாரம் திரும்பக் கலவை, ஆனா இந்தத் தடவை ஆறு புதிர்ல ரெண்டுல ஒண்ணுமே இருக்காது. விடை "ஒண்ணும் இல்ல, பத்திரமா ஒரு நகர்வு"ன்னு எழுதணும், அந்த நகர்வு என்னன்னும் எழுதணும். முதல் தடவை பிள்ளைங்க கோவப்படுவாங்க, "இது புதிரே இல்ல"ன்னு. ஆனா "ஒண்ணும் இல்ல"ன்னு நம்பி எழுதறதுக்கு எல்லா செக்கையும் எல்லாக் காவலையும் பார்த்திருக்கணும், நான் டர்ம் முழுக்கத் தேடறது அந்தப் பார்வையைத்தான். பத்தாவது வாரம் ஆட்டம் மட்டும். ஸ்க்யூவர், மறைஞ்ச தாக்குதல் எல்லாம் இந்த டர்ம்ல வராது, அடுத்த டர்ம் பார்த்துக்கலாம்.

ஒவ்வொரு கிளாஸுக்குள்ள நேரத்தைப் பத்தியும் சொல்லிடறேன். காய் அடுக்கினது போக மிச்சத்துல முதல் 10 நிமிஷம் பழைய புதிரைப் புரட்டிப் போட்டு சூடேத்தறது, அப்புறம் 10 நிமிஷம் பெரிய போர்டுல பாடம், 15 நிமிஷம் தாள்ல ஆறு புதிர், மீதி 20 நிமிஷம் ஆட்டம். ஆட்டத்தைத் தொடக்கூடாது, புதிர் முடியலன்னாலும் நிறுத்திட்டு ஆட விடணும், பிள்ளைங்க வர்றதே ஆடறதுக்குத்தான். தாள்ல ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ரெண்டு கோடு: என் நகர்வு, அதுக்கு எதிராளி பதில். ரெண்டாவது கோடு காலியா இருந்தா மார்க் கிடையாது, முதல் கோடு சரியா இருந்தாலும். இந்த ஒரு சட்டம் ஊகத்தைப் பாதியாக் குறைச்சிடும், ஏன்னா ஊகிச்ச பிள்ளைக்கு எதிராளி என்ன பண்ணுவான்னு எழுத வராது. முதல்ல சொன்ன ஜோடிப் புதிர்ல e7-னு எழுதற பிள்ளை ரெண்டாவது கோட்டுல "பிஷப் எடுக்கும்"னு எழுதும்போதே பேனாவை நிறுத்தி முதல் கோட்டை அடிச்சிடும். அதைப் பார்க்கறப்ப எனக்கு வர்ற சந்தோஷம் ஆறுக்கு ஆறு மார்க்குல கூட வராது.

பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வர்ற தாத்தா ஒருத்தர் வாசல்ல நின்னு கேப்பார், "என்ன தம்பி, பேரன் எப்போ குகேஷ் மாதிரி ஆவான்?"னு. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆனதுல இருந்து நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் இந்தக் கேள்விதான். அவர்கிட்ட அந்தக் கடைசி ஆட்டத்தையே சொன்னேன். 14-வது ஆட்டத்துல டிங் லிரென் 55-வது நகர்வா ரூக்கை f2-ல வெச்சார், குகேஷ் ரூக்கை மாத்திக்கிட்டு, அடுத்து பிஷப்பையும் மாத்திக்கக் கட்டாயப்படுத்திட்டார், மிச்சம் சிப்பாய் ஆட்டம், அதுல குகேஷுக்கு வெற்றி. உலக சாம்பியன்ஷிப்பே "எதிராளி இப்ப என்ன பண்ணுவான்"ங்கற ரெண்டாவது கோட்டுலதான் முடிஞ்சுது. தாத்தா சிரிச்சுட்டு, "அப்ப அவன் அந்தக் கோட்டை நல்லா எழுதட்டும்"னு சொல்லிட்டுப் போனார்.

எல்லா கிளப்புக்கும் என் திட்டம் பொருந்தும்னு சொல்லல. செஸ் ஆடத் தெரியாத ஒருத்தர் தனியா நடத்தற கிளப்னா வாரத்துக்கு ஒரு தந்திரமே பரவாயில்ல, கலவைத் தாளைத் திருத்த ஆட்டம் கொஞ்சமாவது தெரியணும், பிள்ளை எழுதற மாத்து நகர்வு சரியா தப்பான்னு சொல்லணும் இல்லையா. அவங்களும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை பழைய தாள் மூணுலயும் இருந்து ரெண்டு ரெண்டு புதிரை வெட்டி ஒட்டி, தலைப்பை எடுத்துட்டுக் கொடுத்தாப் போதும், விடை ஏற்கெனவே கைல இருக்கும். பிள்ளைங்க ஒரு வாரம் வந்து ஒரு வாரம் ஸ்போர்ட்ஸுக்கோ டாக்ஸி வரலன்னோ போயிடறாங்க, வரிசையா யாருமே வர்றதில்லன்னா, கலவைப் புதிர்தான் சரி, ஆனா போன்ல வேண்டாம், தாள்லயே கொடுங்க. வீட்டுல பண்றதுக்கு வேணும்னா Lichess, Easiest-ல மாத்திவிட்டு, நாளுக்கு அஞ்சே அஞ்சு புதிர்.

ஏற்கெனவே ஒரு வருஷம் ஆடின பிள்ளைங்க இந்தக் கூட்டத்துல கலந்திருந்தா அவங்களுக்கு தனித் தாள் போட நேரம் இருக்காது. அதே படத்தைக் கொடுத்துட்டு ரெண்டு கோட்டுக்கு பதிலா நாலு கோடு எழுதச் சொல்லுங்க, அவங்களும் உட்கார்ந்து யோசிப்பாங்க.

மூணாவது டர்ம்ல லீவையும் கணக்கு பண்ணிக்கணும். ஆகஸ்ட் 9 பெண்கள் தினம், செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், கிளப் கிழமைல வந்து விழுந்தா ஒரு வாரம் காலி, 9-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வந்தா திங்கக்கிழமையும் லீவு. அப்படி ஒரு வாரம் போச்சுன்னா எட்டாவது வாரத்து பின் பாடத்தை விட்டுடுங்க, ரெண்டு வாரம் போச்சுன்னா குதிரை ஃபோர்க்கையும் ராணியையும் ஒரே வாரமா சேர்த்துடுங்க. கலவை வாரத்துலயும் தொங்கற காய் வாரத்துலயும் மட்டும் கை வைக்காதீங்க. நம்ம பக்கம் நடத்தறவங்க ஜூலைக்கு முன்னாடி ஒரு தடவை உட்கார்ந்து, முதல் நாலு வாரத் தாளை மட்டுமாவது சேர்ந்து தயார் பண்ணிட்டா நல்லா இருக்கும், ஜோடிப் புதிர் என்கிட்ட கொஞ்சம் இருக்கு, அச்சடிச்சு எடுத்துட்டு வர்றேன்.